கூட்டத்துக்கு அழைப்பு வந்தது, எதற்கென்று வரவில்லை

"ஞாயிறு மாலை 5 மணிக்குச் செயற்குழுக் கூட்டம். உறுப்பினர்கள் அனைவரும் தவறாமல் வந்து கலந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்." முன்பெல்லாம் இந்த இரண்டு வரி அஞ்சலட்டையில் வரும். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இதற்கு நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். விழா அழைப்பிதழில் இறைவணக்கம், வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை என்று அச்சிடுகிறோமே, அதற்கும் நிகழ்ச்சி நிரல் என்றுதான் பெயர். கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய விஷயங்களின் பட்டியலுக்கும் அதே பெயர். ஆகவே சில காரியதரிசிகள் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதையும் எழுதிவிட்டதாகத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். இக்கட்டுரையில் குழப்பம் வராமல் இருக்க, இரண்டாவதை அஜெண்டா என்றே சொல்கிறேன்.

ரயில்வேயில் நான் பார்த்த ஒரு கூட்டத்தைச் சொன்னால் விஷயம் விளங்கும். மின்மயமான இரட்டைப் பாதையில் ஒரு சிறு பாலம். அதன் பழைய இரும்பு கர்டரை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். அதற்கு அந்தப் பாதையில் சில மணி நேரம் வண்டிகளை நிறுத்த வேண்டும். இதைத்தான் நாங்கள் பிளாக் என்போம். மேலே செல்லும் கம்பியில் மின்சாரத்தையும் நிறுத்தி, கிரேனின் கை வீசுவதற்கு இடம் விட்டுக் கம்பியை ஒதுக்க வேண்டும். பாலத்தின் மேல் போகும் சிக்னல் கேபிள்களை முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஆக என்ஜினீயரிங், இயக்கம், மின்சாரம், சிக்னல் என்று நான்கு பிரிவுகள் சம்பந்தப்பட்ட வேலை.

வந்த சுற்றறிக்கையில் இருந்தது ஒரே வரி: "பாலப் பணி குறித்துக் கலந்தாலோசனை." பன்னிரண்டு பேர் கூடினோம். இயக்கப் பிரிவிலிருந்து வந்தவர் அனுபவசாலிதான். ஆனால் பிளாக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதைக் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் அவருடைய மேலதிகாரி வந்திருப்பார். மின்சாரப் பிரிவுக்காரருக்குக் கம்பியை ஒதுக்க வேண்டும் என்பதே அங்கு வந்த பிறகுதான் தெரியும். எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டதற்கு, "இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார். நியாயமான பதில். சிக்னல்காரர் கேபிள் வரைபடத்தைக் கொண்டுவரவில்லை. அப்படிக் கொண்டுவரும்படி யாரும் சொல்லவும் இல்லை. இரண்டு மணி நேரம் பேசி, அடுத்த வாரம் மறுபடி கூடுவது என்று முடிவு செய்தோம். பன்னிரண்டு பேருக்கு இரண்டு மணி என்றால் இருபத்து நான்கு மணி. ஒரு ஆளின் மூன்று நாள் வேலை போயிற்று. பயண நேரத்தை நான் சேர்க்கவில்லை.

இதில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் வேண்டுமென்று இழுக்கவும் இல்லை. சரியான ஆளும் சரியான காகிதமும் அறைக்குள் வரவில்லை, அவ்வளவுதான். அவற்றை வரவழைக்கக்கூடியது அழைப்பு ஒன்றே.

அடுத்த வாரச் சுற்றறிக்கையை அனுபவமுள்ள வேறொருவர் எழுதினார். அதன் முதல் வரி ஏறக்குறைய இப்படி இருந்தது: "கீழ்வழிப் பாதையில் கர்டர் மாற்ற, அடுத்த மாதம் எந்த ஞாயிற்றுக்கிழமை 4 மணி நேர பிளாக் தரலாம்? முடிவு செய்ய. இயக்கப் பிரிவு நான்கு ஞாயிறுகளுக்குமான வண்டிப் பட்டியலுடன் வரவும். பிளாக் தர அதிகாரம் உள்ளவர் வரவும். தொடங்கிப் பேசுபவர்: பாலப் பிரிவுப் பொறியாளர். 20 நிமிடம்." கம்பிக்கும் கேபிளுக்கும் இதேபோல் தனித்தனி வரிகள். அன்று ஒரு மணி நேரத்துக்குள் தேதி குறித்துக்கொண்டு எழுந்தோம்.

அந்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். "பாலப் பணி" என்பது வெறும் தலைப்பு. தலைப்பைக் கொடுத்தால் அதைச் சுற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். "எந்த ஞாயிறு?" என்பது கேள்வி, அதற்கு ஒரு பதில் வந்தவுடன் பேச்சு நின்றுவிடும். அடுத்து, "முடிவு செய்ய" என்ற இரண்டு சொற்கள். தகவலுக்காகவா, கருத்துக் கேட்கவா, முடிவுக்காகவா என்று தெரிந்தால்தான் யாரை அனுப்புவது என்று ஒரு பிரிவு தீர்மானிக்க முடியும். மூன்றாவது, எதைக் கையில் கொண்டு வர வேண்டும் என்பது. அதை எழுதினாலே போதாது. பட்டியலைத் தயாரிக்க நாலைந்து நாளாவது முன்னதாக அழைப்பு போய்ச் சேரவேண்டும். காலையில் அனுப்பி மாலையில் கூடினால் எவ்வளவு நல்ல வரியும் பயனில்லை.

நிமிடக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1957-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு கற்பனைக் குழுவை வேடிக்கையாக வர்ணித்தார். அக்குழு ஒரு கோடி பவுன் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தருகிறது. 350 பவுன் சைக்கிள் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதிக்கிறது. அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும். நேரத்தை எழுதிவைத்தால், கொட்டகையில் பத்து நிமிடம் தாண்டியதும் தலைவர் கடிகாரத்தைக் காட்டலாம். எந்த வரி பெரிது என்பதும் வருகிறவர்களுக்கு முன்பே தெரியும்.

எல்லாக் கூட்டத்துக்கும் இது பொருந்தாது. வண்டி தடம் புரண்டால் அஜெண்டா எழுதிக்கொண்டிருக்க மாட்டோம், ஓடத்தான் வேண்டும். புதிய யோசனைகளைக் கேட்கும் கூட்டத்தில் கேள்வியைக் குறுக்கக் கூடாது. "கருத்துக் கேட்க மட்டும், இன்று முடிவு இல்லை" என்று எழுதினால் போதும்.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். "பொருள்: பொங்கல் விழா" என்று அழைப்பு வருகிறது. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஓர் அம்மாள், இரண்டு பஸ் மாறி வரவேண்டியவர், "மண்டபம் பற்றித்தானே பேசுவார்கள்" என்று வரவில்லை. அன்று சமையலை வெளியே கொடுக்காமல் நாமே செய்வது என்று முடிவாகிறது. முந்நூறு பேர் சமையலுக்குப் பொறுப்பு யார்? வராத அந்த அம்மாள்தான்! "விழாச் சமையலை வெளியே கொடுப்பதா, உறுப்பினர்களே செய்வதா? முடிவு செய்ய. இரண்டு சமையல்காரர்களின் விலைப்பட்டியல் இணைப்பு. தொடங்குபவர்: பொருளாளர். 15 நிமிடம்" என்று எழுதியிருந்தால் அவர் வந்திருப்பார், இல்லையென்றால் முன்தினமே போனில் தன் கருத்தைச் சொல்லியிருப்பார். மைதான அனுமதியை மட்டும் கவனிப்பவருக்கு அந்த ஞாயிறு மிச்சமாகியிருக்கும்.

அஜெண்டாவின் கடைசியில் "தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்" என்று ஒரு வரி போடுவது வழக்கம். அறிவிப்புகளுக்கு அது சரி. சந்தாவை உயர்த்துவதும், வைப்புத் தொகையை எடுப்பதும் அந்த வரிக்குள் நுழைந்தால், வராதவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பணத்தில் கைவைத்ததாகும். அடுத்த கூட்டம் முழுவதும் அந்தச் சண்டையிலேயே போகும்.

நோக்கத்தையே மாற்றும் விஷயத்தில் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. நம்மைப் போன்ற பல சங்கங்கள் பதிவாகியிருக்கும் 1860-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, சங்கத்தின் நோக்கத்தை மாற்றும் யோசனையை எழுதியோ அச்சிட்டோ ஒவ்வொரு உறுப்பினருக்கும் சிறப்புக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு அனுப்ப வேண்டும். ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்க வேண்டும். ஒரு மாதம் கழித்து இரண்டாவது சிறப்புக் கூட்டத்தில் வந்திருப்போரில் ஐந்தில் மூன்று பங்கினர் அதை உறுதி செய்யவும் வேண்டும். சில மாநிலங்கள் இச்சட்டத்தைத் திருத்தியோ தனிச்சட்டம் இயற்றியோ இருப்பதால், உங்கள் ஊர் விதியையும் சங்கத்தின் துணைவிதிகளையும் காரியதரிசியிடம் வாங்கி ஒருமுறை படித்துவிடுங்கள். அறிவிப்பு எத்தனை நாள் முன்பு வரவேண்டும் என்பது அதில்தான் இருக்கும்.