விடியற்காலையில் வரும் போன்

சென்னை எழும்பூரில் இரவு ஏறுபவர்களை பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மதுரையில் இறக்கிவிடும். ரயில் திண்டுக்கல்லைத் தாண்டும்போதே மதுரை ஓட்டல்களின் வரவேற்பறையில் போன் அடிக்கத் தொடங்கிவிடும். “ரூம் புக் பண்ணியிருக்கோம். அஞ்சரைக்கு வந்துடுவோம். உடனே ரூம் குடுத்துடுவீங்கல்ல?” அந்த ஓட்டலில் செக்-இன் நேரமோ பகல் 12 மணி.

இதற்குப் பழகிப்போன பதில்கள் இரண்டு. “12 மணிக்குத்தான் சார் ரூம்” என்பது ஒன்று. விதிப்படி அது சரிதான். ஆனால் வயதான தாயோடும் கைக்குழந்தையோடும் வருபவர் அதுவரை எங்கே இருப்பார் என்பதற்கு அதில் விடை இல்லை. “வாங்க சார், பாத்துக்கலாம்” என்பது இன்னொன்று. இது முதல் பதிலைவிட மோசம். கேட்பவர் அறை உறுதி என்றே எடுத்துக்கொள்வார். வந்து பார்த்து இல்லை என்றால், வரவேற்பறையில் வாக்குவாதம்தான்.

இந்த இரண்டையும் தவிர்க்கத்தான், போனில் பேச வேண்டியதை முன்பே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. முதலில் கேட்க வேண்டியவை: “வணக்கம் சார். எந்தப் பேர்ல புக் பண்ணியிருக்கீங்க? எத்தனை பேர் வர்றீங்க? பெரியவங்க, கைக்குழந்தை யாராவது இருக்காங்களா? அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிட்டுச் சொல்றேன்.”

அந்த ஐந்து நிமிடத்தில்தான் உண்மையான வேலை. சுத்தம் செய்த காலி அறை இருந்தால் சிக்கலில்லை. கட்டணத்தை மட்டும் அப்போதே சொல்லிவிட வேண்டும். “ரூம் தயாரா இருக்கு சார். சீக்கிரம் வர்றதால அரைநாள் வாடகை சேரும். வரியோட இவ்வளவு ஆகும். சரிங்களா?” சில ஓட்டல்கள் இதற்குப் பணம் வாங்குவதில்லை. வாங்குபவர்கள் தொகையைப் போனிலேயே சொல்லாவிட்டால், பில் போடும்போது தகராறு வரும்.

எல்லா அறைகளிலும் ஆள் இருந்தால் கணக்குப் போட வேண்டும். உதாரணமாக, 204-இல் இருப்பவர் காலை 7 மணிக்கு டாக்சி சொல்லியிருக்கிறார். அவர் கிளம்பி, விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, சூபர்வைசர் ஒருமுறை பார்த்து முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். ஹவுஸ்கீப்பிங்கைக் கூப்பிட்டு, “204 காலியானதும் முதல்ல அதை எடுங்க, எட்டுக்கு முடியுமா?” என்று கேட்டு உறுதி செய்த பிறகும், விருந்தினரிடம் எட்டரை என்றே சொல்ல வேண்டும். டாக்சி தாமதமாகலாம், கீஸர் பழுதாகியிருக்கலாம். அந்த அரை மணி நேரம் அதற்காகத்தான்.

பிறகு மறு போன்: “சார், இப்போ எல்லா ரூம்லயும் ஆள் இருக்காங்க. உங்களுக்கு எட்டரைக்கு ரூம் தர்றோம். அதுவரைக்கும் பெட்டிகளை எங்ககிட்ட வைக்கலாம்; முகம் கழுவ, உடை மாத்த கீழ இடம் இருக்கு. நகை, பணம், மருந்து மட்டும் கையில வச்சுக்குங்க.” பெட்டிகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி, மறுபாதியை விருந்தினரிடம் கொடுத்துவிட வேண்டும்.

மதுரையில் இன்னொன்றும் உண்டு. காத்திருக்கும் நேரத்தில் பலரும் மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போவார்கள். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. “ரூம் ரெடியானதும் கூப்பிடறோம்” என்று சொல்லி அனுப்பினால் அழைப்பு அவர்களைச் சேராது. “எட்டரைக்கு மேல எப்போ வேணும்னாலும் நேரா வந்துடுங்க” என்பதே இங்கே பொருந்தும்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் கெடுவது இரவுப் பணியாளர் வீட்டுக்குப் போன பிறகு. காலையில் வருபவருக்கு எட்டரை என்று சொன்ன வாக்கு தெரியாது; 204-ஐ வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். அதனால் பதிவேட்டில் பெயர், அறை எண், சொன்ன நேரம், ஒத்துக்கொண்ட கட்டணம் நான்கையும் எழுதி, கைமாற்றும்போது வாயாலும் சொல்ல வேண்டும். அறை தாமதமாகும் என்று தெரிந்தால், விருந்தினர் வந்து கேட்கும்வரை காத்திராமல் புது நேரத்தை முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

புக்கிங் எடுக்கும்போதே எந்த ரயில் என்று கேட்டால் பாதி அழைப்புகள் சுலபமாகிவிடும். “விடியற்காலையே ரூம் கட்டாயம் வேணும்னா முந்தின ராத்திரியிலிருந்தே போட்டுக்கலாம் சார். ஒரு நாள் வாடகை கூடும். வந்ததும் சாவி கைக்கு வந்துடும்.” அப்படிப் போட்டால், ‘மறுநாள் விடியற்காலை வருகை’ என்று புக்கிங்கிலேயே குறித்துவிட வேண்டும். குறிக்காவிட்டால், நள்ளிரவில் கணக்கு முடிப்பவர் ஆள் வரவில்லை என்று எழுதி, காசு வாங்கிய அறையையே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்.