முன்பின் அறியாத ஆய்வாளருக்கு ஒரு மின்னஞ்சல்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பல ஆழ்குழாய்க் கிணறுகளின் நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டினால் பல்லில் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் பாதிக்கப்படும். எத்தியோப்பியாவின் பிளவுப் பள்ளத்தாக்கிலும் இதே சிக்கல்தான். அங்கே மாட்டெலும்பைக் கரியாக்கி, அதன் வழியே நீரை வடிகட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

தருமபுரியில் வேதியியல் விரிவுரையாளர் ஒருவர் அதே எலும்புக்கரியை ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தியோப்பிய ஆய்வாளர் ஒருவரின் கட்டுரையைப் படிக்கிறார். தன் வேலை போலவே இருக்கிறது. சேர்ந்து செய்யலாம் என்று எழுத நினைக்கிறார்.

கட்டுரையில் பெயருக்கு மேல் நட்சத்திரக் குறி உள்ளவருக்கு, கல்லூரி முகவரியிலிருந்து எழுதுவது நல்லது. "உங்கள் ஆய்வு சிறப்பு" என்று தொடங்கும் மடல்கள் அவருக்கு நிறைய வரும். இவர் இப்படித் தொடங்கலாம்: "உங்கள் வடிகட்டி எத்தனை நாளில் செயலிழக்கிறது என்று அளந்திருக்கிறீர்கள். எங்கள் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் ஃபுளோரைடு மாறுகிறது. அந்த மாற்றம் கரியின் ஆயுளைக் குறைக்கிறதா என்று பார்க்கிறேன்." ஒற்றுமை எது, புதிது எது என்பது மூன்று வரியில் புரிந்துவிடும். வேலை நெருக்கமாக இருக்கும்போது, இவர் போட்டியாளரோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அதைப் போக்குவது இந்த வரிகள்தான்.

அடுத்து, கேட்பது சிறியதாக இருக்கட்டும். எலும்பை எத்தனை டிகிரியில் எரித்தீர்கள் என்று கேட்கலாம். சூடு மிகுந்தால் கரி ஃபுளோரைடை ஈர்க்கும் திறன் குறையும் என்பதால், அந்த விவரம் இல்லாமல் இருவர் முடிவுகளை ஒப்பிட முடியாது.

அளக்கும் முறையையும் கேட்டுவிட வேண்டும். நீரில் கரைந்திருக்கும் அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மின்முனை அதைக் காணாது. டிசாப் கரைசல் சேர்த்தால்தான் அது விடுபடும். ஒருவர் சேர்த்து, மற்றவர் சேர்க்காமல் அளந்தால் இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்தா. இருவரும் முதலில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடோடு சிறிது அலுமினியமும் கலந்த கரைசலைத் தயாரித்து அளந்து பார்த்தால், பிசகு உடனே தெரிந்துவிடும். நீரைக் கடல்கடந்து அனுப்பவும் வேண்டாம்.

பதில் வந்து பேச்சு தொடங்கியதும், தரவு யாருடையது, கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை எழுத்தில் வைத்துவிட வேண்டும். முடிவு வந்தபின் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதன்பிறகும் மௌனம் என்றால் அதே துறையில் வேறொருவருக்கு எழுதுங்கள். அவருடைய கட்டுரையைப் படித்து, மடலைப் புதிதாக எழுதுங்கள்.