100 எம்பிபிஎஸ் இருந்தும் வீடியோ கால் ஏன் திக்குகிறது?

ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. சிப்காட் ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒரு அறையில் வீடியோ மீட்டிங்கில் இருக்கிறார். அடுத்த அறையில் தம்பி ஆன்லைன் கேம் ஆடுகிறான். ஸ்பீடு டெஸ்ட் 94 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனாலும் அண்ணனின் குரல் துண்டு துண்டாகப் போகிறது, தம்பி சுடுவதற்குள் எதிராளி சுட்டுவிடுகிறான். கம்பெனிக்கு போன் செய்தால், "இன்னும் பெரிய பிளானுக்கு மாறுங்கள்" என்ற பதில்தான் வரும். அந்தப் பணம் பெரும்பாலும் வீண்.

வேகம் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு தகவல் வருகிறது என்ற அளவு. லேட்டன்சி என்பது நாம் அனுப்பிய ஒரு சிறு பொட்டலம் சர்வரைத் தொட்டுத் திரும்ப எடுக்கும் நேரம். இதைத்தான் கேம் ஆடுகிறவர்கள் 'பிங்' என்கிறார்கள்; மில்லிவிநாடியில் அளப்பது. கேமுக்கு ஒரு எம்பிபிஎஸ்ஸே தாராளம், வீடியோ காலுக்குச் சில எம்பிபிஎஸ் போதும். இரண்டுக்கும் உயிர்நாடி நேரம்தான். பேச்சு ஒரு திசையில் 150 மில்லிவிநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் இடையூறு தெரியாது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

தூரத்துக்கு ஒரு பங்கு உண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஓசூரிலிருந்து சென்னை போய்வர இழையில் 3 மில்லிவிநாடிதான். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் 30க்கு மேல் ஆகும். எந்தப் பிளானும் அதைக் குறைக்காது. ஜூஜூவாடி பக்கம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மொபைல், எல்லைக்கு அப்பால் உள்ள கர்நாடக டவரைப் பிடித்து ரோமிங்கில் போனால், டேட்டா பல சமயம் தமிழ்நாட்டு வட்டத்தின் நுழைவாயிலைச் சுற்றித்தான் இணையத்துக்குப் போகும். திரையில் 'R' தெரிந்தால் நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

ஆனால் அந்தப் பாகலூர் சாலை வீட்டின் தொல்லைக்குக் காரணம் தூரம் அல்ல, வரிசை. அம்மாவின் போன் அன்றைய கல்யாணப் படங்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது. அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ். அனுப்ப முடியாத பொட்டலங்களை மோடம் தன் நினைவகத்தில் அடுக்கி வைக்கிறது. ஒரு மெகாபைட், அதாவது 8 மெகாபிட், அப்படித் தேங்கினால் அது காலியாக 8 ÷ 20 = 0.4 விநாடி, 400 மில்லிவிநாடி. அட்டிபெலே டோலில் எத்தனை வழித்தடம் கொண்ட சாலையில் வந்தாலும் பூத்தில் வரிசை நின்றால் ஆம்புலன்ஸும் காத்திருப்பது போல, அண்ணனின் குரல் படங்களுக்குப் பின்னால் நிற்கிறது. பொதுவாக ஸ்பீடு டெஸ்டில் பெரிதாகத் தெரிவது டவுன்லோடு எண் மட்டுமே. இந்த வரிசை கண்ணில் படாது.

கண்டுபிடிப்பது எளிது. விண்டோஸ் கணினியில் இந்த இரண்டையும் ஓடவிடுங்கள். முதலாவது உங்கள் ரௌட்டரின் முகவரி. அது வேறாகவும் இருக்கலாம்.

```
ping -n 50 192.168.1.1
ping -n 50 8.8.8.8
```

வீட்டில் யாரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது ஒரு முறை, ஒரு பெரிய ஃபைலை அப்லோடு செய்யும்போது ஒரு முறை. ரௌட்டருக்கே எண் ஏறி இறங்கினால் குற்றம் வைஃபையில். லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். ரௌட்டருக்கு நன்றாக இருந்து, அப்லோடின்போது மட்டும் இரண்டாவது எண் 15லிருந்து 400க்குத் தாவினால் அதுதான் வரிசை. ரௌட்டரில் எஸ்க்யூஎம் வசதி இருந்தால் அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்கு வையுங்கள். இல்லையென்றால் போட்டோ பேக்கப்பை இரவுக்கு மாற்றுங்கள். பிங்கைக் குறைப்பதாகப் பணம் கேட்கும் செயலிகள் இந்த வரிசையைத் தொடவே முடியாது.

யாரும் பயன்படுத்தாத நேரத்திலும், கேபிளில் இணைத்த பிறகும் எண் அதிகமாக இருக்கிறதா? அப்போது பொறுப்பு நிறுவனத்துடையது. டிராயின் 2024ஆம் ஆண்டு சேவைத் தர விதிமுறைகள் கம்பிவழி பிராட்பேண்டின் லேட்டன்சிக்கு 50 மில்லிவிநாடி வரம்பு வைத்திருக்கின்றன. இந்த வரம்பு நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு மட்டுமே. கேம் கம்பெனியின் சர்வர் வரை செல்லாது. அதனால் "கேம் லேக் ஆகிறது" என்று புகார் கொடுக்காதீர்கள். பிங் முடிவுகளைத் தேதி, நேரத்தோடு படமெடுத்து, "லேட்டன்சி வரம்பை மீறுகிறது" என்று எழுதிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீரவில்லையென்றால் 30 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம்; அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை.

இந்தியத் தந்திச் சட்டத்தைக் காட்டி நுகர்வோர் மன்றம் தலையிடக் கூடாது என்று நிறுவனங்கள் வாதிட்டது உண்டு. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.