நாய், பூனைகளின் பற்சுற்று நோய்: நிலைகளும் எக்ஸ்-கதிர்ப் படமும்

பற்சுற்று நோய் என்றால் என்ன?

பல்லின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம் அகற்றப்படாவிட்டால் ஈறு சிவந்து வீங்குகிறது. இது ஈறழற்சி எனப்படும். அழற்சி ஈறுக்குக் கீழே பரவும்போது, பல்லைத் தாடையுடன் பிணைக்கும் இழைகளும் எலும்பும் கரையத் தொடங்குகின்றன. இந்நிலையே பற்சுற்று நோய். கரைந்த எலும்பு பொதுவாகத் தானாக மீண்டும் வளர்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் நிறக் காறையின் அளவு நோயின் தீவிரத்தைக் காட்டாது. பாதிப்பின் பெரும்பகுதி ஈறுக்குக் கீழே மறைந்திருக்கும்.

நோயின் நிலைகள் யாவை?

நோயின் நிலை விலங்குக்குப் பொதுவாக அன்றி, ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியே கணிக்கப்படுகிறது. ஒரே வாயில் முதல் நிலைப் பல்லும் நான்காம் நிலைப் பல்லும் இருக்கக்கூடும்.

• முதல் நிலை: ஈறழற்சி மட்டும் உள்ளது, பல்லின் பிடிமானம் குறையவில்லை. முறையான சுத்திகரிப்பினாலும் தினசரிப் பல் துலக்கலாலும் இது முற்றிலும் குணமாகும்.
• இரண்டாம் நிலை: பிடிமான இழப்பு 25 விழுக்காட்டுக்குக் குறைவு.
• மூன்றாம் நிலை: இழப்பு 25 முதல் 50 விழுக்காடு வரை.
• நான்காம் நிலை: இழப்பு 50 விழுக்காட்டுக்கு மேல். இத்தகைய பல்லைப் பெரும்பாலும் அகற்ற வேண்டியிருக்கும்.

நிலை எவ்வாறு கணிக்கப்படுகிறது?

மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய அளவுகோல் ஒன்றை மருத்துவர் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாகச் செலுத்தி, பல்லைச் சுற்றிலும் பல இடங்களில் ஆழத்தைக் குறித்துக்கொள்வார். நாய்களில் இவ்விடைவெளி இயல்பாக 3 மில்லிமீட்டர் வரையிலும், பூனைகளில் 1 மில்லிமீட்டர் வரையிலும் இருக்கலாம். இதைவிட ஆழமாக இருந்தால் அங்கே நோய்ப்பை உருவாகியுள்ளது எனக் கொள்ள வேண்டும். ஆனால் எத்தனை மில்லிமீட்டர் இழப்பு என்பது மட்டும் போதாது. அது வேரின் நீளத்தில் எத்தனை பங்கு என்பதே நிலையைத் தீர்மானிக்கிறது. வேரின் நீளத்தை எக்ஸ்-கதிர்ப் படத்திலேயே காண இயலும்.

ஓர் எடுத்துக்காட்டு

சிறிய இன நாய் ஒன்றின் கீழ்த்தாடையிலுள்ள முதல் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொள்வோம். ஈறு சற்றே சிவந்துள்ளது; பல் ஆடவில்லை. ஆயினும் படத்தில் பல்லின் கழுத்திலிருந்து 6 மில்லிமீட்டர் ஆழம் வரை எலும்பு கரைந்திருப்பது தெரிகிறது. வேரின் நீளம் 10 மில்லிமீட்டர் எனில் இழப்பு 60 விழுக்காடு. அதாவது நான்காம் நிலை. இதே 6 மில்லிமீட்டர் இழப்பு, 20 மில்லிமீட்டர் வேருடைய பெரிய நாயில் 30 விழுக்காடாகி மூன்றாம் நிலையில் அடங்கும்.

சிறிய நாயின் படம் மற்றொன்றையும் காட்டுகிறது: வேர் நுனிக்குக் கீழே தாடை எலும்பு மிக மெல்லியதாக எஞ்சியுள்ளது. சிறிய இனங்களில் தாடையை ஒப்பிட இப்பல் பெரியது என்பதால், நோய் முற்றினால் பல்லைப் பிடுங்கும்போதோ கடினமான பொருளைக் கடிக்கும்போதோ தாடை முறியக்கூடும். முன்கூட்டியே இதனை அறிந்த மருத்துவர் பல்லைத் துண்டுகளாகப் பிரித்து, விசையைக் குறைத்து அகற்றுவார்.

பூனைகளுக்குப் படம் ஏன் இன்றியமையாதது?

பூனைகளில் பல் தானாகவே கரையும் நோய் அடிக்கடி காணப்படுகிறது. வெளியே ஈறு ஓரத்தில் சிறு சிவப்புப் புள்ளியாக மட்டுமே இது தோன்றலாம். படத்தில் வேரும் அதைச் சூழ்ந்த மெல்லிய கருங்கோடும் தெளிவாகத் தெரிந்தால் வேர் முழுவதையும் அகற்ற வேண்டும். வேர் எலும்பாகவே மாறிக் கோடு மறைந்திருந்தால், தக்க சூழலில் மேற்பகுதியை மட்டும் வெட்டி ஈறைத் தைக்கலாம். இம்முடிவைப் படமின்றி எடுக்க இயலாது.

1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வெளியே குறையற்றுத் தோன்றிய பற்களின் படங்கள் ஏறத்தாழ 28 விழுக்காடு நாய்களிலும் 42 விழுக்காடு பூனைகளிலும் சிகிச்சைக்கு முக்கியமான குறைபாடுகளைக் காட்டின.

படத்தின் வரம்புகள் யாவை?

எலும்பின் தாதுப்பொருள் கணிசமாகக் குறைந்த பின்னரே இழப்பு படத்தில் தெரியும். கன்னப்புறமும் நாக்குப்புறமும் உள்ள எலும்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தோன்றுவதால், ஒரு புற இழப்பு மறைந்துவிடலாம். ஆகவே அளவுகோல், படம் ஆகிய இரண்டும் தேவை. இரண்டையும் முழு மயக்க நிலையிலேயே சரிவரச் செய்ய முடியும். மயக்கமின்றிச் செய்யப்படும் சுத்திகரிப்பு வெளிப்புறக் காறையை மட்டுமே நீக்கும். ஈறுக்குக் கீழுள்ள நோய் தொடரும்.

வளர்ப்போர் கேட்டறிய வேண்டியவை

• ஒவ்வொரு பல்லின் நிலையும் குறிக்கப்பட்ட அட்டவணை கிடைக்குமா?
• வாய் முழுவதற்கும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்படுமா?
• பல் அகற்றிய பின், வேர்த்துண்டு எதுவும் எஞ்சவில்லை என்பதை உறுதிசெய்ய மீண்டும் படம் எடுக்கப்படுமா?

வாய் நாற்றம், ஒரு பக்கமாக மெல்லுதல், உணவைக் கீழே நழுவவிடுதல், ஈறில் குருதிக் கசிவு ஆகியன தென்பட்டால் கால்நடை மருத்துவரை அணுகவும். வலி இருந்தும் பல விலங்குகள் வழக்கம்போல் உண்ணும். ஆதலால் நன்றாகச் சாப்பிடுகிறது என்பதை நோயின்மைக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.