எலி கடித்த வயருக்குப் பணம் வரும், என்ஜினுக்கு?

மழைக்காலத்தில் ஒரு வாரம் கார் எடுக்காமல் நின்றால், பானெட்டுக்கு அடியில் குடித்தனம் வந்துவிடுகிறது. நனையாத இடம், என்ஜின் ஓடி நின்ற பிறகு சில மணி நேரத்துக்கு இதமான சூடு, கூடு கட்டக் கிழித்துக்கொள்ள பானெட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சு அட்டை. எலிக்கு வேறென்ன வேண்டும்? அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை வயரும் ரப்பர் ஹோஸும்தான். வயர் உறையில் சோயா கலப்பதால்தான் எலி வருகிறது என்று அமெரிக்காவில் கார் நிறுவனங்கள்மீது வழக்கே போட்டார்கள். சோயாவே இல்லாத பழைய வயரையும் எலி விட்டுவைத்ததில்லை என்பது நம் ஊர் மெக்கானிக்குகளுக்குத் தெரியும்.

கடித்த வயரை மாற்றும் செலவு பெரும்பாலும் தாங்கக்கூடியதுதான். வயரோடு சேர்ந்து என்ஜினும் போகும்போதுதான் வழக்கு முற்றுகிறது. இன்சூரன்ஸ் நிறுவனம் வயருக்கு ஒரு தொகையை ஒப்புக்கொண்டு, என்ஜினுக்கு 'கான்சிக்வென்ஷியல் லாஸ், பொறுப்பேற்க இயலாது' என்று கடிதம் அனுப்பும். 'எலி கடிக்காமல் இருந்திருந்தால் என்ஜின் போயிருக்குமா?' என்பது வண்டிக்காரரின் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் நிறுவனம் பார்ப்பது வேறொன்றை: கடிக்கும் சேதத்துக்கும் இடையில் என்ன நடந்தது?

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றரை வருடம் ஆன, 1200 சிசி பெட்ரோல் கார். எலி இரண்டு இடத்தில் கடித்திருக்கிறது: ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகும் வயர், கூலண்ட் ஓடும் ஒரு சின்ன ஹோஸ். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி வழக்கம்போல் ஸ்டார்ட் ஆகிறது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடுவதால் ஃபேன் சுற்றாதது தெரிவதில்லை. ஹோஸிலிருந்து கூலண்ட் சொட்டுவதும் தெரிவதில்லை. சிக்னலில் பத்து நிமிடம் நின்றதும் சூடு ஏறுகிறது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. வீட்டுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர்தான். தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போட்டால், 'ஓடுதுல்ல சார், மெதுவா ஓட்டிட்டு வந்துருங்க' என்கிறார்.

அந்த மூன்று கிலோமீட்டரில்தான் பணம் போகிறது. என்ஜினின் மேல்பாகமான ஹெட் இன்று பெரும்பாலும் அலுமினியத்தில் வார்க்கப்படுகிறது. அளவு மீறிச் சூடேறினால் அது வளைந்துவிடும். தலைமுடித் தடிமன் அளவுக்கு வளைந்தாலே ஹெட் கேஸ்கெட்டால் அடைத்து நிற்க முடியாது. கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கும், வெள்ளைப் புகை வரும், ஆயிலோடு கலந்தால் பால்காப்பி நிறமாகும். இதில் ஒரு விபரீதமும் உண்டு. கூலண்ட் முழுதாக வடிந்துவிட்டால் சூடு அளக்கும் சென்சார் திரவத்தில் மூழ்காமல் வெறும் காற்றில் நிற்கும். அப்போது என்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் சாதுவாகக் கீழேயே நிற்கலாம். 'முள் ஏறவே இல்லை' என்று சில வண்டிக்காரர்கள் சொல்வதைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது.

இப்போது பாலிசியைத் திறப்போம். இந்தியாவில் தனியார் கார்களுக்கான முழு பாலிசியின் அடிப்படை வாசகம் 2002ஆம் ஆண்டின் இந்தியன் மோட்டார் டாரிஃபிலிருந்து வருகிறது. நிறுவனம் எதுவானாலும் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதில் எலி என்ற சொல்லே கிடையாது. தீ, திருட்டு, வெள்ளம், கலவரம், நிலச்சரிவு என்று பட்டியலிட்டு, நடுவே 'தற்செயலான புறக்காரணம்' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். எலி நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். வெளியிலிருந்து வந்தது, எதிர்பாராமல் நடந்தது. ஆகவே வயருக்கும் ஹோஸுக்கும் பணம் உண்டு. (மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் எதுவும் கிடையாது.)

என்ஜினைத் தடுப்பது மூன்று வெவ்வேறு சுவர்கள். மறுப்புக் கடிதம் இவற்றையெல்லாம் பெரும்பாலும் ஒரே சொல்லில் பூசிவிடும். வண்டிக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

முதலாவது, விலக்குப் பட்டியலில் நேரடியாகவே இருக்கும் 'பின்விளைவு இழப்பு'. காப்பீட்டுத் துறையில் காலங்காலமாக இதற்குப் பொருள், சேதத்தால் வரும் பணநஷ்டம்: வண்டி ஷெட்டில் நின்ற நாட்களுக்கு டாக்சி வாடகை, நின்றுபோன வருமானம் போன்றவை. நிறுவனங்கள் இதை நீட்டி, முதல் சேதத்திலிருந்து கிளைத்த இயந்திரச் சேதத்துக்கும் பொருத்துகின்றன. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் தண்ணீர் போன வழக்குகளில் இந்த வாதம் நன்றாகப் பழகிவிட்டது. எலி விஷயத்தில் அதையே எடுத்து ஒட்டுகிறார்கள். இந்த நீட்டல் எல்லா இடத்திலும் செல்லாது என்பது என் கருத்து. கடித்த கையோடு, யாரும் எதுவும் செய்யாமலே அடுத்த பாகம் கெட்டிருந்தால் அதைப் பின்விளைவு என்று ஒதுக்குவது வலுவான வாதமல்ல.

இரண்டாவது, அதே வரியில் அடுத்ததாக வரும் 'மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல் பழுது'. தானாகத் தேய்ந்து நின்றுபோன இயந்திரத்துக்கு இது சரி. எலிப்பல் பதிந்த வயரைத் தானாக வந்த பழுது என்று சொல்ல முடியாது. பல் தடத்தின் புகைப்படம் இருந்தால் இந்தச் சுவர் விழுந்துவிடும்.

மூன்றாவதுதான் உண்மையில் உறுதியான சுவர். பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று சொல்வது இது: விபத்தோ பழுதோ நேர்ந்தால் மேலும் சேதம் வராமல் தக்க முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும், பழுது பார்க்கும் முன் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுவதும் வண்டிக்காரரின் பொறுப்பு. சிவப்பு விளக்கு எரிந்த பிறகு ஓட்டிய மூன்று கிலோமீட்டர் நேராக இதில் போய் மாட்டுகிறது. நம் உதாரணத்தில் என்ஜின் செலவு மறுக்கப்பட்டால், கடிதத்தில் எந்தச் சொல் இருந்தாலும், அதைத் தாங்கி நிற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இதே எலி ஃபேன் வயருக்குப் பதிலாகப் பக்கத்து வயரைக் கடித்து, ஷார்ட் ஆகி, வண்டி தீப்பிடித்தால் கதை மாறுகிறது. தீ என்பது பாலிசியில் பெயர் சொல்லியே காக்கப்பட்ட ஆபத்து. தீ தின்ற பாகமெல்லாம் கிளெய்முக்குள் வரும். அதிகச் சூடு தீ ஆகாது, சுடர் வேண்டும். ஒரே பல், ஒரே இரவு. ஆனால் வெந்த என்ஜினுக்கு ஒரு தீர்ப்பு, எரிந்த என்ஜினுக்கு இன்னொன்று.

உதாரணத்துக்குக் கணக்கும் போட்டுப் பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக வைத்தவை. வயரிங் செட் 20,000 ரூபாய், ஹோஸ் 1,200, கூலி 4,000, ஹெட்டைச் சமப்படுத்தி கேஸ்கெட் மாற்ற 60,000. கடைசியது மறுக்கப்பட்டுவிட்டது. ஹோஸ் ரப்பர், ஆகவே தேய்மானமாகப் பாதி கழியும்: 600. வயரிங்கில்தான் இழுபறி. பிளாஸ்டிக் என்று கொண்டால் 50 சதவீதம் கழியும். மற்ற பாகங்களோடு சேர்த்தால் மூன்று முதல் நான்கு வயது வண்டிக்கு 25 சதவீதம்தான். அதாவது 10,000 அல்லது 15,000. கூலியில் தேய்மானம் கிடையாது. 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். ஆக, கையில் வருவது 13,600 அல்லது 18,600. மொத்தச் செலவோ 85,200. ஜீரோ டெப்ரிசியேஷன் எடுத்திருந்தால் வயர் பக்கம் ஏறக்குறைய முழுதாக வரும். என்ஜின் பக்கம் அப்போதும் ஒரு ரூபாய் கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். நம் உதாரணக்காரருக்கு அடுத்த புதுப்பிப்பில் 45 சதவீதம் தள்ளுபடி கிடைத்திருக்கும். எட்டாயிரம் ரூபாய் சொந்தச் சேத பிரீமியத்தில் அது 3,600. ஆகவே இரண்டாயிரம் ரூபாய் வயருக்கு கிளெய்ம் போடுவது புத்திசாலித்தனமில்லை.

'என்ஜின் புரொடெக்ட்' எடுத்திருக்கிறேனே என்பவர்கள், அதன் வாசகத்தை ஒருமுறை படித்துவிட வேண்டும். பல நிறுவனங்களில் அது என்ஜினுக்குள் தண்ணீர் போவதற்கும், விபத்தில் ஆயில் அல்லது கூலண்ட் ஒழுகுவதற்கும் எழுதப்பட்டது. எலி கடித்து ஒழுகிய கூலண்ட் அதற்குள் வருமா என்பது, அந்தப் பாலிசி விபத்து என்பதை எப்படி வரையறுக்கிறது என்பதைப் பொறுத்தது. சிலர் எலிக்கடியைப் பெயர் சொல்லியே சேர்க்கும் கூடுதல் காப்பீடும் விற்கிறார்கள். அதிலும் என்ஜின் சேதம் உண்டா, வயரோடு நிற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ஏஜெண்ட் வாயால் சொன்னது கிளெய்ம் அன்று உதவாது.

நிறுத்தி வைத்த வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரியைச் சுற்றி எலிப்புழுக்கை, பஞ்சுத் துணுக்கு, எலும்புத் துண்டு, சப்பாத்தித் துண்டு, வயரில் செம்பு பளிச்சிடும் இடம் ஆகியவைதான் அடையாளம். கண்டால் சாவியைத் திருப்பாதீர்கள். உறை போன வயரில் மின்சாரம் பாய்ந்தால் என்ஜின் கணினியே போகலாம். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, எதையும் துடைக்காமல் படம் எடுங்கள். நிறுவனத்துக்கு அன்றே தெரிவித்து, டோ செய்து கொண்டுபோங்கள். சர்வேயர் பார்க்கும் முன் என்ஜினைப் பிரிக்க விடக் கூடாது. கழற்றிய பாகங்களை எறியவும் கூடாது. ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி நிறுத்திய நேரம், டோ வண்டியை அழைத்த நேரம், அதன் ரசீது எல்லாம் பின்னாளில் சாட்சி. விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட்டேன், அதற்கு முன்பே ஹெட் வளைந்துவிட்டது என்று காட்ட முடிந்தவரிடம் மூன்றாவது சுவர் நிற்காது. எலி மருந்து வைக்கும் யோசனை வேண்டாம். செத்த எலி ஏசி குழாய்க்குள் கிடந்தால் அந்த நாற்றம் எலியைவிடக் கொடுமை.

மறுப்புக் கடிதம் வந்தால், எந்த விலக்கு, எந்த நிபந்தனை, எந்தப் பாகத்துக்கு என்று எண் குறிப்பிட்டு விளக்கச் சொல்லி நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச்சேர வேண்டும்.