நாற்பதில் சந்திக்கும் மூன்று தனிமங்கள்

குளோரின் அணுவில் எத்தனை நியூட்ரான் என்று கேட்டால் சில பிள்ளைகள் 18.5 என்று எழுதுவார்கள். கழித்தலில் பிழை இல்லை. அட்டவணையில் குளோரினின் அணு நிறை 35.5, புரோட்டான் 17, கழித்தால் 18.5தான் வரும். ஆனால் அரை நியூட்ரான் உலகில் கிடையாது. விடையில் பின்னம் வந்தாலே, எடுத்த எண் தவறு என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்த 35.5 எந்த ஒரு குளோரின் அணுவின் நிறையும் அல்ல; அது ஒரு சராசரி. குளோரின் அணுக்கள் எல்லாவற்றிலும் புரோட்டான் 17தான். அது மாறினால் தனிமமே மாறிவிடும். நியூட்ரான் மட்டும் சிலவற்றில் 18, சிலவற்றில் 20. இப்படி ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மாறும் அணுக்களைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். நூறு குளோரின் அணுக்களை எடுத்தால் ஏறத்தாழ 75 அணுக்களின் நிறை எண் 35, மீதி 25 அணுக்களுக்கு 37. 75 × 35 = 2625; 25 × 37 = 925. இரண்டையும் கூட்டி நூறால் வகுத்தால் 35.5. நியூட்ரானைக் கணக்கிட வேண்டுமானால், இந்தச் சராசரியை விட்டுவிட்டு, எந்த ஐசோடோப்பு என்று கேட்டு அதன் நிறை எண்ணை எடுக்க வேண்டும்.

இதே சராசரிதான் ஆர்கானையும் பொட்டாசியத்தையும் வைத்து விஞ்ஞானிகளை நெடுநாள் குழப்பியது. தனிமங்களை நிறைப்படி வரிசையாக வைத்தால் பொட்டாசியம் (39.10) முன்னும் ஆர்கான் (39.95) பின்னும் வர வேண்டும். குணத்தைப் பார்த்தாலோ அது பொருந்தவில்லை. பொட்டாசியம் தண்ணீரில் பட்டதும் தீப்பற்றும். ஆர்கான் எதனோடும் எளிதில் சேராது. 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்து, வரிசையைத் தீர்மானிப்பது நிறை அல்ல, உட்கருவின் மின்சுமைதான் என்று காட்டினார். அந்த மின்சுமை புரோட்டான்களின் எண்ணிக்கை. ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19.

அப்படியானால் ஒரு புரோட்டான் குறைவான ஆர்கானுக்கு நிறை ஏன் கூடியது? காரணம் பொட்டாசியத்துக்குள்ளேயே இருக்கிறது. நாம் சாப்பிடும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் உண்டு. அதன் அணுக்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று பொட்டாசியம்-40. அது கதிரியக்கம் உடையது; பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு ஆகும். அப்படிச் சிதையும் நூறு அணுக்களில் சுமார் 89இல் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானை வெளியேற்றும். 19 என்பது 20 ஆகி, அணு கால்சியம்-40 ஆகிவிடும். மீதி 11இல் பெரும்பாலும் உட்கரு தன் பக்கத்து எலக்ட்ரான் ஒன்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு புரோட்டான் நியூட்ரானாகி 18 ஆகும், அது ஆர்கான்-40. பாறைகளுக்குள் இப்படிப் பிறந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கசிந்து வெளியேறியதுதான் காற்றில் உள்ள ஆர்கானில் ஏறக்குறைய முழுவதும். பொட்டாசியத்திலோ நிறை எண் 39 உள்ள அணுக்களே நூற்றுக்கு 93. அதனால்தான் அதன் சராசரி கீழே நிற்கிறது.

இனி எலக்ட்ரான்கள். முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8. மூன்றாவது கூடு 18 வரை கொள்ளும் என்று படித்தவர்கள் பொட்டாசியத்துக்கு 2, 8, 9 என்று எழுதிவிடுவார்கள். நான் திருத்தும்போது அதிகம் பார்க்கும் தவறு இது. மூன்றாவது கூட்டின் எல்லா இடங்களும் ஒரே ஆற்றல் உடையவை அல்ல. முதல் எட்டு இடங்கள் நிரம்பியதும், மீதிப் பத்தைவிட நான்காவது கூட்டின் முதல் இடம் ஆற்றலில் தாழ்வாக இருக்கிறது. 19ஆவது எலக்ட்ரான் அங்கேதான் போகும். எனவே 2, 8, 8, 1. தனியாக நிற்கும் அந்த ஒன்றைப் பொட்டாசியம் எளிதில் இழப்பதால்தான் தண்ணீரில் அத்தனை வேகம். கால்சியம் 2, 8, 8, 2. 21ஆவதான ஸ்காண்டியத்தில் அந்தப் பத்து இடங்கள் நிரம்பத் தொடங்கி 2, 8, 9, 2 ஆகிவிடும். எட்டோடு நிறுத்தும் வழி இருபது வரைக்கும்தான் செல்லும்.

கீழே உள்ளவற்றை விடையைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள்.

கேள்வி 1: குளோரின்-37இல் எத்தனை நியூட்ரான்? எலக்ட்ரான் அமைப்பு என்ன?
விடை: 37 − 17 = 20. அமைப்பு 2, 8, 7. குளோரின்-35க்கும் இதே அமைப்புதான். ஆகவே இரண்டும் வேதியியலில் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

கேள்வி 2: ஆர்கான்-40, பொட்டாசியம்-40, கால்சியம்-40 மூன்றும் ஐசோடோப்புகளா?
விடை: இல்லை. நிறை எண் ஒன்று, புரோட்டான் எண்ணிக்கை வேறு, இவை ஐசோபார்கள். நியூட்ரான்கள் முறையே 22, 21, 20.

கேள்வி 3: பொட்டாசியம் ஓர் எலக்ட்ரானை இழந்தால் 2, 8, 8. ஆர்கானும் 2, 8, 8. அது ஆர்கானாகிவிட்டதா?
விடை: இல்லை. உட்கருவில் புரோட்டான் இன்னும் 19தான். அது பொட்டாசியம் அயனி.