செம்புக் குழாய்க்குக் கீழே ஷீட் ஏன் ஓட்டையாகிறது?

எங்கள் மொட்டை மாடியில் கால்வால்யூம் ஷீட் போட்டு ஏழு வருடமாகிறது. மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, ஏசியின் செம்புக் குழாய் போகிற கோட்டில் மட்டும் முதலில் வெள்ளைப் பொடி பூத்தது. ஒரு மழைக்காலம் கழிந்ததும் செந்துரு தெரிந்தது. போன மாதம் அந்த இடத்தை விரலால் அழுத்தினேன், ஷீட் பொத்துக்கொண்டது. மட்டமான ஷீட் என்றுதான் முதலில் நினைத்தேன். தவறு குழாயைக் கொண்டுபோன விதத்தில் இருந்தது.

இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், அங்கே ஒரு சிறு பேட்டரி உண்டாகிறது. துத்தநாகம், அலுமினியம், இரும்பு, செம்பு என்ற வரிசையில் முன்னால் இருப்பது கரையும். பின்னால் இருப்பது தப்பிக்கும். கால்வால்யூம் பூச்சில் எடைக்கணக்கில் 55 சதவீதம் அலுமினியம், மீதியில் பெரும்பகுதி துத்தநாகம். செம்புக்கு முன் இரண்டுமே தாங்காது. கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பு இதை இன்னும் விரைவாக்கும்.

பலருக்கும் தெரியாதது, குழாய் ஷீட்டைத் தொடக்கூட வேண்டாம் என்பது. எங்கள் குழாயின் கறுப்பு ஸ்பாஞ்ச் உறை வெயிலில் பொரிந்து உதிர்ந்திருந்தது. வெறும் செம்பின் மேல் வியர்த்த நீரும் மழைநீரும் துளியளவு செம்பைக் கரைத்துக்கொண்டு ஷீட்டில் சொட்டின. அந்தச் செம்பு ஷீட்டில் படிந்து, படிந்த புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பேட்டரியானது. அலுமினியத்திலிருந்து செம்பின் மேல் நீர் வடிந்தால் இந்தச் சேதம் இல்லை.

தண்ணீர்க் குழாய்க்கும் இதே கணக்குதான். நீர் ஜி.ஐ. பைப்பைக் கடந்து செம்புக்குப் போகலாம். செம்பைக் கடந்து ஜி.ஐ.க்கு வரக் கூடாது. செம்புக் குழாய்கள் கொண்ட சோலார் ஹீட்டரிலிருந்து வெந்நீரை ஜி.ஐ. பைப்பில் இறக்கினால், பைப் உள்ளிருந்தே குழி விழுந்து கசியும். வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. பைப்பே அங்கே ஏற்றது.

இரண்டு உலோகமும் தொட்டே ஆகவேண்டிய இடத்தில் நடுவில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ வேண்டும், அதுவும் நாள்பட உழைக்க வேண்டும். 1886-இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுதந்திர தேவி சிலையில் செம்புத் தோலுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே அரக்கில் ஊறிய கல்நார் வைத்திருந்தார்கள். அது சிதைந்ததும் இரும்பு துருப்பிடித்துப் பருத்து, ரிவெட்டுகளைப் பிடுங்கியது. 1986-இல் முடிந்த சீரமைப்பில் இரும்புக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகும், இடையில் டெஃப்லான் பட்டையும் வந்தன.

பெயின்ட் அடிப்பதானால் செம்பையும் சேர்த்து அடியுங்கள். ஷீட்டுக்கு மட்டும் அடித்தால், பெயின்ட் கீறிய சிறு இடத்தில் அரிப்பு முழுவதும் குவிந்து விரைவில் துளையாகிவிடும்.

நான் கெட்ட ஷீட்டை மாற்றினேன். குழாய்க்குப் புது உறை போட்டு, பி.வி.சி. பைப்புக்குள் செலுத்தி, ஷீட்டை விட்டுச் சுவரோரமாகத் திருப்பிவிட்டேன். உங்கள் மாடியிலும் மழைக்கு முன் ஏறி, குழாய்க்குக் கீழே வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் ஷீட்டைக் காப்பாற்றிவிடலாம்.